சுவரும் தாவலும்: அளவு வேறான இரண்டு மானிட்டர்களுக்கு நடுவே கர்சர்

27 அங்குல மானிட்டருக்குப் பக்கத்தில் பழைய 24 அங்குல மானிட்டரை வைத்து இணைத்தவுடன் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். ஒரு ஃபைலைப் பிடித்து அந்தப் பக்கம் இழுக்கும்போதுதான் கோளாறு புலப்படும். பெரிய திரையின் கீழ்ப்பகுதியில் கர்சர் ஓரத்தில் முட்டி நின்றுவிடும். எவ்வளவு தள்ளினாலும் போகாது. கொஞ்சம் மேலே கொண்டுபோனால் சட்டென்று கடந்துவிடும். வேறொரு இடத்தில் தடையில்லாமல் கடக்கும், ஆனால் புறப்பட்ட உயரத்தில் வந்து இறங்காது. இரண்டு விரற்கடை மேலேயோ கீழேயோ போய் முளைக்கும். கண் ஒரு இடத்தில் தேடும், கர்சர் வேறு இடத்தில் இருக்கும்.

இவை இரண்டும் ஒரே கோளாறு அல்ல. முட்டி நிற்பதைச் சுவர் என்றும், உயரம் மாறி முளைப்பதைத் தாவல் என்றும் இங்கே பெயர் வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடுவதும் உண்டு. இதைப் பிரித்துப் பார்க்காதவர்கள்தான் செட்டிங்ஸில் மானிட்டர்களைக் குறிக்கும் இரண்டு கட்டங்களையும் மேலும் கீழும் இழுத்தபடி ஒரு மாலைப்பொழுதைத் தொலைக்கிறார்கள்.

கம்ப்யூட்டருக்கு அங்குலம் தெரியாது

கர்சரை நகர்த்தும்போது விண்டோஸ் பார்ப்பது பிக்சல் வரிசைகளை மட்டுமே. 2560×1440 மானிட்டர் என்றால் அதற்கு 1440 வரிசை உயரமுள்ள ஒரு கட்டம். 1920×1080 என்றால் 1080 வரிசை உயரமுள்ள ஒரு கட்டம். இந்தக் கட்டங்கள் மேசைமீது எத்தனை மில்லிமீட்டர் உயரம், எவ்வளவு மேலே நிற்கின்றன என்பதெல்லாம் கர்சர் கணக்கில் வராது.

பள்ளிக்கூட நோட்டு இரண்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கோடுகள் நெருக்கமாக, மற்றதில் அகலமாக. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, இதில் 20-வது கோட்டில் எழுதிக்கொண்டே போய் அதிலும் 20-வது கோட்டில் தொடர வேண்டும் என்றால், கை கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். அதுதான் தாவல். ஒரு நோட்டில் 36 கோடும் இன்னொன்றில் 27 கோடும் இருந்தால், 30-வது கோட்டில் எழுதிக்கொண்டு போகிறவருக்குப் பக்கத்து நோட்டில் இடமே இல்லை. அதுதான் சுவர்.

ஆக, சுவருக்குக் காரணம் வரிசைகளின் எண்ணிக்கை வேறுபாடு. தாவலுக்குக் காரணம் ஒரு வரிசையின் உயரம் வேறுபடுவதும், மானிட்டர்கள் மேசையில் நிற்கும் உயரம் செட்டிங்ஸில் உள்ள கட்டங்களோடு ஒத்துப்போகாததும்.

அளவெடுக்க ஒரு டேப் போதும்

மிகவும் சாதாரணமான ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் 27 அங்குலம், 2560×1440. வலப்பக்கம் கடைக்காரர் 24 என்று சொல்லும் மானிட்டர். பெரும்பாலும் அது 23.8 அங்குலம்தான், 1920×1080.

டேப்பை எடுத்து வெளிச்சம் வரும் பகுதியின் உயரத்தை மட்டும் அளக்க வேண்டும். சுற்றியிருக்கும் கறுப்பு விளிம்பைச் சேர்க்கக் கூடாது. இப்போதைய மெல்லிய விளிம்பு மானிட்டர்களில் பிளாஸ்டிக்குக்கு உள்ளேயும் சில மில்லிமீட்டர் கறுப்பாகவே இருக்கும், அதனால் திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அளப்பது நல்லது. 27 அங்குலத்துக்கு 336 மி.மீ., 23.8 அங்குலத்துக்கு 296 மி.மீ. வரும்.

இதை வரிசைகளால் வகுத்தால் பெரியதில் ஒரு வரிசை 0.233 மி.மீ., சின்னதில் 0.274 மி.மீ. பெரிய மானிட்டரில்தான் கோடுகள் நெருக்கம். 100 வரிசைக்கு 4 மி.மீ. வித்தியாசம். கேட்க அற்பமாகத் தோன்றும், ஆனால் 600 வரிசை தள்ளிப் போனால் அது ஒரு அங்குலத்துக்கு நெருங்கிவிடுகிறது.

அடுத்து, மேசைப் பலகையிலிருந்து வெளிச்சப் பகுதியின் அடிவரை எவ்வளவு என்று இரண்டுக்கும் அளக்க வேண்டும். நம் உதாரணத்தில் பெரியது 130 மி.மீ.யில் தொடங்குகிறது, ஆக உச்சி 466-ல். சின்னது 145-ல் தொடங்கி 441-ல் முடிகிறது.

இனி முக்கியமான முடிவு ஒன்று எடுக்க வேண்டும்: எந்த உயரத்தில் கர்சர் துல்லியமாகக் கடக்க வேண்டும்? கோட்டின் நெருக்கம் வேறு வேறாக இருக்கும்வரை, எல்லா உயரத்திலும் தாவல் இல்லாமல் செய்ய முடியாது. ஒரே ஒரு உயரத்தில்தான் இரண்டும் ஒட்டும். அந்த உயரத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். பலரும் யோசிக்காமல் மேல் விளிம்பையோ கீழ் விளிம்பையோ ஒட்டவைத்துவிடுகிறார்கள். கட்டத்தை இழுக்கும்போது அது தானாகவே அங்கே போய் ஒட்டிக்கொள்வதுதான் காரணம். ஆனால் விளிம்பில் யாரும் அதிகம் கடப்பதில்லை. உங்கள் கை பெரும்பாலும் எங்கே கடக்கிறது என்று ஒரு அரைமணி நேரம் கவனித்தாலே தெரிந்துவிடும். எழுதுகிறவர்களுக்கும் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கும் அது திரையின் நடுவுக்குச் சற்று மேலே இருக்கும். வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கு டைம்லைன் கீழே இருப்பதால் கீழ்ப்பகுதியில் அமையும்.

நம் உதாரணத்தில் மேசையிலிருந்து 320 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். பெரிய திரையில் அது உச்சியிலிருந்து 466 − 320 = 146 மி.மீ. கீழே, 0.233-ஆல் வகுத்தால் 626-வது வரிசை. சின்னதில் 441 − 320 = 121 மி.மீ.; 0.274-ஆல் வகுத்தால் 441-வது வரிசை. உச்சி உயரமும் 441, வரிசையும் 441 என்று வந்தது தற்செயல், குழம்ப வேண்டாம். 626-லிருந்து 441-ஐக் கழித்தால் 185. ஆக, செட்டிங்ஸில் சின்ன கட்டத்தின் மேல் விளிம்பு பெரிய கட்டத்தின் மேல் விளிம்பைவிட 185 பிக்சல் கீழே இருக்க வேண்டும். மொத்தக் கணக்கின் விடை இந்த ஒற்றை எண்தான்.

இதை வைத்துப் பார்த்தால் என்ன ஆகிறது? 320 மி.மீ. உயரத்தில் கர்சர் நூல் பிடித்தது போலக் கடக்கும். சின்ன திரையின் உச்சியில் 18 மி.மீ. தாவல் இருக்கும், அடியில் 26 மி.மீ. பெரிய திரையின் வலது ஓரத்தில் மேலே 185 வரிசையும் கீழே 175 வரிசையும் சுவர். மில்லிமீட்டரில் 43-ம் 41-ம். மேல் விளிம்புகளை ஒட்டவைத்திருந்தால் கீழே 360 வரிசை, அதாவது 84 மி.மீ. உயரத்துக்கு ஒரே சுவராக இருந்திருக்கும். டாஸ்க்பாரும் கடிகாரமும் இருக்கும் பக்கம் அது, கை அடிக்கடி போய் முட்டும்.

விண்டோஸில் அந்த 185-ஐக் கொண்டுவருவது

டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து "Display settings" திறந்தால் எண் போட்ட கட்டங்கள் தெரியும். முதலில் "Identify" அழுத்தி எந்த எண் எந்த மானிட்டர் என்று பார்த்து, இடம் வலம் மாறியிருந்தால் கட்டத்தைப் பிடித்து மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். அதோடு ஒவ்வொன்றின் ரெசல்யூஷனையும் பார்த்துவிட வேண்டும். பெரிய மானிட்டர் பழைய கேபிளாலோ பழைய போர்ட்டாலோ 1920×1080-ல் ஓடிக்கொண்டிருந்தால் கட்டங்கள் இரண்டும் ஒரே அளவில் தெரியும், எழுத்தும் மங்கலாக இருக்கும். அந்த நிலையில் கணக்குப் போட்டுப் பயனில்லை.

கட்டத்தை இழுத்து விட்டு "Apply" கொடுக்க வேண்டும். இங்கே ஒரு குறை: 185 என்று தட்டச்சு செய்ய அந்தப் பக்கத்தில் இடம் கிடையாது, கண்ணளவில்தான் இழுக்க முடியும். எவ்வளவு வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள பவர்ஷெல்லில் இதை ஓட்டலாம்:

```powershell
Add-Type -AssemblyName System.Windows.Forms
[System.Windows.Forms.Screen]::AllScreens |
  Format-List DeviceName, Primary, Bounds
```

பெரிய மானிட்டர் முதன்மையானதாக இருந்தால் அதற்கு X=0, Y=0 என்று வரும். சின்னதற்கு X=2560, Y=185 என்று வந்தால் வேலை முடிந்தது. சின்னதையே முதன்மையாக வைத்திருந்தால் கணக்கு அங்கிருந்து தொடங்கும்; அப்போது பெரியதற்கு Y=-185 என்று வரும். கழித்தல் குறியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது சரியானதே. "Scale" 100%-க்கு மேல் வைத்திருக்கும் மானிட்டர் இருந்தால் இந்தக் கட்டளை சுருங்கிய எண்களைக் காட்டலாம். அகலம் 2560 என்று வராமல் 2048 என்பது போல வந்தால் அந்தப் பட்டியலை நம்பக் கூடாது. இரண்டையும் 100% ஆக்கிவிட்டுப் பார்த்து, பிறகு பழையபடி மாற்றிக்கொள்ளலாம். "Scale" மாற்றுவதால் விண்டோஸில் கட்டங்களின் பிக்சல் கணக்கு மாறுவதில்லை.

இழுத்து விட்டதில் 185-க்குப் பதில் 206 வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி மறுபடி இழுத்துப் போராடுவதைவிட மானிட்டரின் ஸ்டாண்டை நகர்த்துவது எளிது. பெரிய திரையின் 21 வரிசை என்பது சுமார் 5 மி.மீ. சின்ன மானிட்டரை 5 மி.மீ. கீழே இறக்கினால் கணக்கு நேராகிவிடும். செட்டிங்ஸில் தோராயமாகப் பொருத்து, ஸ்டாண்டில் நுணுக்கமாகச் சரிசெய் என்பதே இதில் மிகவும் கைகொடுக்கும் வழி. விலை குறைந்த மானிட்டர்களின் ஸ்டாண்ட் முன்னும் பின்னும் சாயுமே தவிர உயராது, இறங்காது. அப்படியானால் செட்டிங்ஸில் கொஞ்சம் குறைவாக விட்டுவிட்டு, அதாவது 160 போல வைத்துக்கொண்டு, சின்ன மானிட்டரின் பாதத்துக்கு அடியில் பிளைவுட் துண்டு கொடுத்து ஏற்றலாம். எந்தப் பக்கம் தவறினால் எதைச் செய்வது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: எண் கூடிவிட்டால் சின்னதை இறக்கு, குறைந்துவிட்டால் ஏற்று.

சரியாக வந்ததா என்று சோதிக்க ஒரு A4 தாள் போதும். நீள விளிம்பு 297 மி.மீ. இருப்பதால் இரண்டு திரையிலும் தாராளமாகப் படியும். தாளை அகலவாக்கில் பிடித்து, மேல் விளிம்பை நீங்கள் தேர்ந்தெடுத்த உயரத்தில் இரண்டு மானிட்டருக்கும் குறுக்கே வையுங்கள். இரண்டு முனையிலும் மேசையிலிருந்து டேப் வைத்துப் பார்த்து 320 மி.மீ. இருப்பதை உறுதி செய்துகொண்டு, கர்சரின் கூர்முனை அந்த விளிம்பைத் தொட்டபடி இருக்குமாறு மவுஸை மெதுவாக இழுங்கள். கை நேராகப் போகாது, ஏறி இறங்கும். அதனால் நடு விளிம்பை ஒட்டி ஒரு அங்குலம் இந்தப் பக்கம், ஒரு அங்குலம் அந்தப் பக்கம் மட்டும் பலமுறை போய்வர வேண்டும். கடக்கும் கணத்தில் கூர்முனை தாளுக்குப் பின்னால் மறைந்தால் கீழே தாவுகிறது என்று பொருள். தாளுக்கு மேலே இடைவெளி விழுந்தால் மேலே தாவுகிறது. 2 மி.மீ. வரை கண்ணுக்கு உறைக்காது, விட்டுவிடலாம்.

சுவர் முழுக்கப் போகத்தான் வேண்டுமா?

விண்டோஸ் 11-ல் இதே "Display" பக்கத்தில் "Multiple displays" என்பதற்குள் "Ease cursor movement between displays" என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. இதைப் போட்டுவிட்டால், பக்கத்தில் இடமில்லாத வரிசையில் முட்டும் கர்சரை அடுத்த திரையின் மிக அருகிலுள்ள விளிம்புக்கு விண்டோஸே கடத்திவிடும். நம் உதாரணத்தில் பெரிய திரையின் 1400-வது வரிசையில் வலப்பக்கம் தள்ளினால், சின்ன திரையின் அடிவரிசையில் போய் நிற்கும். சுவர் போய்விடும், அந்தப் பகுதியில் அதற்குப் பதிலாக ஒரு தாவல் வரும். முட்டி நிற்பதைவிட அது மேல் என்று பலருக்குத் தோன்றும், கீழ்ப்பகுதியைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

மேல்பகுதியில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. பெரிய மானிட்டர் இடப்பக்கம் இருக்கும்போது அதன் வலது மேல் மூலையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: முழுத்திரையில் திறந்த விண்டோவை மூடும் பெருக்கல் குறி. ஒற்றை மானிட்டரில் வேலை செய்யும்போது நாம் அதைக் குறிபார்ப்பதே இல்லை. மவுஸை வலது மேல் மூலைக்கு வீசி எறிகிறோம், கர்சர் மூலையில் தங்குகிறது, கிளிக் செய்கிறோம். மூலை ஒரு வேலி போல நின்று உதவுகிறது. பக்கத்தில் இன்னொரு மானிட்டர் வந்து சுவரும் இல்லாமல் போனால், வீசிய கர்சர் குறியைத் தாண்டி அடுத்த திரைக்குள் ஓடிவிடும். வலது ஓரத்தில் ஸ்க்ரோல்பார் பிடிக்கும்போதும் இதே தொல்லைதான். நம் உதாரணத்தில் மேலே மிஞ்சிய 185 வரிசைச் சுவர் அந்த மூலையை அப்படியே காப்பாற்றித் தருகிறது. அதனால் இந்த அமைப்பில் டிக் போடாமல் விட்டு, கீழ்ச் சுவரைப் பொறுத்துக்கொள்வதுதான் என் தேர்வு. பெரிய மானிட்டர் வலப்பக்கம் இருந்தால் இந்த லாபம் இல்லை. அங்கே டிக் போட்டுக்கொள்ளலாம்.

சில விண்டோஸ் பதிப்புகள் இந்த மூலைக்காகவே, இரண்டு திரையும் ஒட்டும் மூலையில் சில பிக்சல் உயரத்துக்கு வேண்டுமென்றே தடுப்பு வைத்திருக்கின்றன. மேல் விளிம்புகளைச் சமமாக ஒட்டவைத்தும் உச்சியில் மட்டும் கர்சர் சிக்குகிறது என்றால் மவுஸில் கோளாறு இல்லை, இதுதான் காரணம். சற்றுக் கீழே இறக்கிக் கடந்தால் போய்விடும்.

ஒரே ரெசல்யூஷன், ஆனாலும் தாவல்

15.6 அங்குல லேப்டாப்பும் 23.8 அங்குல மானிட்டரும், இரண்டும் 1920×1080. கட்டங்கள் ஒரே அளவு என்பதால் செட்டிங்ஸில் அழகாகச் சமமாக நிற்கும். சுவர் கொஞ்சமும் இல்லை. ஆனால் லேப்டாப் திரையின் உயரம் 194 மி.மீ., மானிட்டர் 296 மி.மீ. போதாததற்கு லேப்டாப் மேசையோடு ஒட்டிக் கிடக்கும், மானிட்டர் ஸ்டாண்டில் உயர நிற்கும். லேப்டாப்பின் மேல்பகுதியில் புறப்பட்ட கர்சர் மானிட்டரில் அரை அடிக்கு மேலே போய் நிற்கலாம்.

இங்கே கட்டத்தை இறக்கித் தாவலைச் சரிசெய்யப் போனால் சுவர் உண்டாகும். உதாரணமாக மானிட்டர் உச்சி மேசையிலிருந்து 406 மி.மீ.யிலும் லேப்டாப் உச்சி 240-லும் இருக்க, 200 மி.மீ. உயரத்தில் ஒட்டவைக்க வேண்டும் என்றால் லேப்டாப் கட்டத்தைச் சுமார் 530 வரிசை கீழே இறக்க வேண்டியிருக்கும். கடக்க மிஞ்சும் இடம் 550 வரிசைதான். லேப்டாப்பின் கீழ்ப்பாதி முழுக்கச் சுவராகிவிடும். செட்டிங்ஸால் தீராத சிக்கல் இது, மேசையில்தான் தீர வேண்டும். கட்டங்களைச் சமமாகவே விட்டுவிட்டு, லேப்டாப்பை ஸ்டாண்டிலோ தடித்த புத்தகங்களின் மேலோ ஏற்றி, அதன் திரையின் நடுவும் மானிட்டரின் நடுவும் ஒரே உயரத்துக்கு வருமாறு செய்ய வேண்டும். நடுவில் தாவல் இருக்காது, மேல் கீழ் ஓரங்களில் 51 மி.மீ. வரை இருக்கும், சுவர் எங்கும் இருக்காது. அவ்வளவு உயரத்தில் லேப்டாப் கீபோர்டில் தட்ட முடியாது, தனிக் கீபோர்டு வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4K வந்தால்

27 அங்குல 4K மானிட்டரில் அதே 336 மி.மீ. உயரத்துக்குள் 2160 வரிசை. ஒரு வரிசை 0.156 மி.மீ. இதன் பக்கத்தில் 1080 வரிசை மானிட்டரை விண்டோஸில் வைத்தால் 4K திரையின் ஓரத்தில் சரிபாதி, 168 மி.மீ., சுவர். 100 வரிசைக்கு 12 மி.மீ. தாவல் வளரும். நடுவில் ஒட்டவைத்தாலும் ஓரத்தில் 64 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். "Scale" 150% வைத்தால் எழுத்து பெரிதாகும், கர்சரின் பாதை மாறாது. அதுவும் மாறும் என்று எதிர்பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள்.

இந்த ஜோடிக்கு விண்டோஸில் உருப்படியான தீர்வு LittleBigMouse என்ற இலவச, திறந்த மூல மென்பொருள். மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் தகவலிலிருந்து மில்லிமீட்டர் அளவை அது எடுத்துக்கொண்டு, கர்சர் கடக்கும்போது பிக்சல் வரிசைக்குப் பதிலாக உண்மையான உயரத்தின்படி கடத்திவிடும். சுற்று விளிம்பின் தடிமனையும் கொடுக்கலாம். அது காட்டும் அளவை அப்படியே நம்பாமல் டேப்பால் அளந்ததோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். பிறகு அதன் திரையில் மானிட்டர்களை மேசையில் நிற்பது போலவே நகர்த்திப் பொருத்த வேண்டும். கர்சரைத் தன் கையில் எடுத்துக்கொண்டு கடத்தும் மென்பொருள் என்பதால், பின்னணியில் அது ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் இந்த வசதி. ஒருநாள் திடீரென்று பழைய தாவல் திரும்பினால் முதலில் அது ஓடுகிறதா என்று பாருங்கள்.

மேக்கில் கதை வேறு. அங்கே "System Settings" → "Displays" → "Arrange" பக்கத்தில் தெரியும் கட்டங்களின் அளவு, நீங்கள் தேர்ந்தெடுத்த காட்சி அளவைப் பின்பற்றுகிறது. 4K மானிட்டரை 2560×1440 போலத் தெரியும்படி வைத்தால் கர்சரும் அதை 1440 வரிசையாகவே எண்ணும். எழுத்தின் கூர்மை பெரிதாகக் குறையாமலே, மேலே போட்ட 185 கணக்கு அப்படியே இதற்கும் பொருந்திவிடும். 4K-வும் 1080-ம் கலந்து வைக்கிறவர்களுக்கு மேக்கில் இது பெரிய நிம்மதி.

லினக்ஸில் X11 பயன்படுத்துகிறவர்களுக்குக் கண்ணளவில் இழுக்கும் தொல்லையே இல்லை. எண்ணை நேராகக் கொடுக்கலாம்:

```
xrandr --output DP-1 --primary --mode 2560x1440 --pos 0x0 \
       --output HDMI-1 --mode 1920x1080 --pos 2560x185
```

DP-1, HDMI-1 என்பவை உங்கள் கணினியில் வேறாக இருக்கும். வெறும் `xrandr` என்று தட்டினால் சரியான பெயர்கள் வரும். லாகவுட் செய்தால் இந்த அமைப்பு போய்விடும் என்பதால் `~/.xprofile` ஃபைலில் எழுதி வைப்பது வழக்கம். வேலேண்டில் இந்தக் கட்டளை செல்லாது, டெஸ்க்டாப்பின் சொந்த செட்டிங்ஸில்தான் செய்ய வேண்டும்.

ஒருநாள் எல்லாம் கலைந்தால்

கஷ்டப்பட்டுப் பொருத்திய அமைப்பு கலைவதற்குப் பெரும்பாலும் காரணம் கேபிள். எந்த மானிட்டர் எந்த போர்ட்டில் என்பதையும் சேர்த்துத்தான் விண்டோஸ் அமைப்பை நினைவில் வைக்கிறது. சுத்தம் செய்யும்போது கழற்றிய கேபிளை வேறு போர்ட்டில் செருகினால் புது ஜோடி வந்ததாக நினைத்துக்கொண்டு, தன் வழக்கப்படி மேல் விளிம்புகளை ஒட்டவைத்துவிடலாம். கழற்றுவதற்கு முன் கேபிளிலும் போர்ட்டிலும் ஒரே நிறத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் இந்தச் சிக்கல் வராது. கிராபிக்ஸ் டிரைவரைப் புதிதாகப் போட்ட பிறகும் ஒருமுறை பவர்ஷெல் கட்டளையை ஓட்டி Y எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

அந்த எண்ணையும், இரண்டு மானிட்டரின் அடி உயரத்தையும், "185 / 130 / 145" என்பது போல ஒரு சிறிய ஸ்டிக்கரில் எழுதி மானிட்டரின் பின்பக்கம் ஒட்டி வையுங்கள். யாராவது மேசையைத் துடைக்கும்போது ஸ்டாண்டை அழுத்தி இறக்கிவிட்டாலும், டேப்பை எடுத்து இரண்டு நிமிடத்தில் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.